ஒரே எழுத்து மாற்றம், வெவ்வேறு உறுப்புகளில் நோய்: m.3243A>G பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சர்க்கரை நோயும் காது மந்தமும். என் மகனுக்குப் 14 வயதில் வலிப்பும் பக்கவாதம் மாதிரி ஒன்றும் வந்தது. இரண்டும் ஒரே நோய் என்கிறார்களே, எப்படி?

நம் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு, செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வைத் தவிர, தனக்கென்று ஒரு சிறிய வட்ட வடிவ டி.என்.ஏ. இருக்கிறது. அதன் நீளம் 16,569 எழுத்துகள். அதில் 37 மரபணுக்கள் மட்டுமே உள்ளன. அவற்றுள் 13 மரபணுக்கள் ஆற்றல் உற்பத்திச் சங்கிலிக்கான புரதங்களைத் தருகின்றன. மற்றவை அந்தப் புரதங்களைக் கட்டுவதற்குத் தேவையான ஆர்.என்.ஏ.க்களைத் தருகின்றன. இந்த டி.என்.ஏ.வில் 3243ஆம் இடத்தில் 'ஏ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஜி' வந்துவிடுவதையே மருத்துவ அறிக்கைகள் m.3243A>G என்று குறிக்கின்றன.

மூளை, தசை ஆகியவற்றின் பாதிப்போடு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் உயர்வதும் பக்கவாதம் போன்ற தாக்குதல்கள் வருவதும் சேர்ந்த 'மெலாஸ்' என்ற நோய்க்கூட்டம் 1984இல் தனி நோயாகப் பெயரிடப்பட்டது. அதற்குக் காரணம் இந்த எழுத்து மாற்றம் என்பதை 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1992இல், நெதர்லாந்தில் தாய்வழியாகச் சர்க்கரை நோயும் செவிட்டுத்தன்மையும் தொடர்ந்து வந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தபோது, அங்கும் அதே இடத்தில் அதே மாற்றம் இருந்தது. நரம்பியல் மருத்துவர் ஒரு நோயாகவும் சர்க்கரை நோய் மருத்துவர் வேறொரு நோயாகவும் பார்த்துவந்தவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது அப்போதுதான் தெரிந்தது. உங்கள் குடும்பத்தில் நிகழ்ந்திருப்பதும் அதுவே. மகனிடம் மூளையில் வெளிப்பட்டது, உங்களிடம் கணையத்திலும் உட்செவியிலும் வெளிப்பட்டிருக்கிறது.

ஓர் எழுத்து மாறினால் செல்லுக்குள் என்னதான் கெட்டுப்போகிறது?

அந்த எழுத்து இருப்பது MT-TL1 என்ற மரபணுவில். அது எந்தப் புரதத்தையும் நேரடியாகத் தருவதில்லை. புரதம் கட்டப்படும்போது லியூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து உரிய இடத்தில் சேர்க்கும் ஒரு கடத்து ஆர்.என்.ஏ.வைத் தருகிறது. இயல்பான நிலையில், இந்தக் கடத்து ஆர்.என்.ஏ. குறியீட்டைப் படிக்கும் முனையில் டாரின் என்ற சிறு வேதிப்பொருள் ஒட்டப்படுகிறது. 3243ஆம் எழுத்து மாறியவுடன் கடத்து ஆர்.என்.ஏ.வின் வடிவம் சற்றுக் குலைகிறது. அதனால் அந்த டாரின் ஒட்டப்படாமல் போகிறது. டாரின் இல்லாத கடத்து ஆர்.என்.ஏ.வால், லியூசினைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகளில் UUA என்ற குறியீட்டைப் படிக்க முடிகிறது. UUG என்ற குறியீட்டைச் சரியாகப் படிக்க முடிவதில்லை.

ஆகவே UUG அதிகமாக வரும் புரதங்களே முதலில் அடிபடுகின்றன. அவற்றில் முக்கியமானது, ஆற்றல் உற்பத்திச் சங்கிலியின் முதல் கண்ணியில் அமரும் ND6. முதல் கண்ணி தளர்ந்தால் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்கும் வழி அடைபடுகிறது. செல் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றும் குறுக்கு வழியில் இறங்குகிறது. உங்கள் மகனின் இரத்தத்தில் லாக்டேட் உயர்ந்திருந்ததன் பொருள் இதுதான்.

அறிக்கையில் ஹெட்டிரோபிளாஸ்மி 30 சதவீதம் என்று இருக்கிறது. 30 சதவீதம் நோய் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. உட்கருவில் உள்ள மரபணுக்கள் பெரும்பாலும் ஒரு செல்லுக்கு இரண்டு பிரதிகளே. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வோ ஒரே செல்லில் நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அவற்றுள் சில மாறியவையாகவும் மற்றவை நல்லவையாகவும் கலந்திருக்கும் நிலைக்கே ஹெட்டிரோபிளாஸ்மி என்று பெயர். 30 சதவீதம் என்றால், பரிசோதனைக்கு எடுத்த அந்தத் திசுவில், அன்றைய தேதியில், நூறு பிரதிகளில் சராசரியாக முப்பது மாறியவை என்பது மட்டுமே பொருள்.

மாறிய பிரதிகள் கூடக் கூட நோயும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. நல்ல பிரதிகள் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இருக்கும்வரை, அவை தரும் சரியான கடத்து ஆர்.என்.ஏ. செல் முழுவதற்கும் போதுமானதாக இருக்கிறது. ஆய்வகத்தில், தன் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. முழுவதும் நீக்கப்பட்ட மனிதச் செல்களுக்குள் நோயாளியின் மைட்டோகாண்ட்ரியாவைச் செலுத்தி வெவ்வேறு விகிதங்களில் வளர்த்துப் பார்த்தார்கள். அந்தச் செல்களில் மாறிய பிரதிகள் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் சுவாசம் சட்டென்று சரிந்தது. இதையே வரம்பு என்கிறோம். இந்த வரம்பு எல்லா மாற்றங்களுக்கும் ஒன்றல்ல, டி.என்.ஏ.வில் பெரும் பகுதி அறுந்துபோன நோயாளிகளில் 60 சதவீதத்திலேயே செல் தடுமாறத் தொடங்கிவிடுகிறது.

இரத்தத்தில் 30 சதவீதம் உள்ளவருக்கு எப்படி நோய் வருகிறது என்று இந்த இடத்தில் கேட்பது நியாயம். இரத்தத்தில் அளந்த எண் மூளையிலோ தசையிலோ உள்ள எண் அல்ல. அதோடு, ஒரு திசுவின் சராசரி 60 என்று வந்தாலும், அத்திசுவின் எல்லாச் செல்களிலும் 60 இருப்பதில்லை. சில செல்கள் 20இலும் சில 95இலும் இருக்கக்கூடும். வரம்பைக் கடப்பவை தனித்தனிச் செல்களே. சராசரி அதைக் காட்டுவதில்லை. தசைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, நலமான இழைகளுக்கு நடுவே ஆங்காங்கே சில இழைகள் மட்டும் ஓரம் சிவந்து கிழிந்தாற்போலத் தெரிவதற்கு இதுவே காரணம். அந்த இழைகளைத் தனியே பிரித்து அளந்தால், மாறிய பிரதிகளின் விகிதம் பக்கத்து இழைகளைவிட உயர்ந்திருக்கும்.

ஒரே உடம்புதானே, தசையில் ஓர் அளவும் இரத்தத்தில் வேறோர் அளவும் எப்படி வருகிறது?

செல் பிரியும்போது உட்கரு டி.என்.ஏ. கணக்கு வைத்துச் சரிபாதியாகப் பங்கிடப்படுகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு அப்படிப்பட்ட பங்கீடு இல்லை. எந்த மைட்டோகாண்ட்ரியா எந்த மகள் செல்லுக்குப் போகும் என்பது பெரும்பாலும் தற்செயல். கருவின் தொடக்க நாட்களில் நிகழும் சிறு ஏற்றத்தாழ்வும், பின்னர் தொடரும் பிரிவுகளால் பெரிதாகி, உறுப்புக்கு உறுப்பு விகிதத்தை மாற்றிவிடலாம். பிரிவதை நிறுத்திவிட்ட நரம்புச் செல்லிலும் தசை இழையிலும்கூட, மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. அழிந்து புதிதாகப் படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால், விகிதம் மெல்ல நகர்கிறது.

தற்செயலோடு தேர்வும் சேர்ந்துகொள்கிறது. எலும்பு மஜ்ஜையில் இரத்தச் செல்களை உண்டாக்கும் தண்டு செல்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. மாறிய பிரதிகள் மிகுந்த செல்கள் இந்த ஓட்டத்தில் பின்தங்கிவிட, நல்ல பிரதிகள் மிகுந்தவை அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. அதனால் m.3243A>G உள்ளவர்களின் இரத்தத்தில் மாறிய பிரதிகளின் விகிதம் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வருகிறது. வெள்ளணுக்களிலும் இந்த இறக்கம் ஒரே சீராக இல்லை. டி செல்களில் அது மிகக் கூர்மையாக இருப்பதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. தசையிலும் மூளையிலும் இப்படிப்பட்ட களையெடுப்பு நடப்பதில்லை. இரத்தத்தின் எண் இறங்குவதைக் கண்டு நோய் குணமாகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

எனக்கு வயது 45, இரத்தத்தில் 15 சதவீதம். மகனுக்கு 14 வயது, 45 சதவீதம். அவனுக்கு என்னைவிட மூன்று மடங்கு என்று அர்த்தமா?

இரு வேறு வயதுகளில் எடுத்த இரத்த எண்களை நேராக ஒப்பிடக் கூடாது. இந்த ஒரு மாற்றத்துக்காக, 2018இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்று வயதுத் திருத்தக் கணக்கு ஒன்றைத் தந்தது:

```
திருத்திய அளவு = இரத்தத்தில் கண்ட அளவு ÷ 0.977^(வயது + 12)
```

உங்களுக்கு வயதோடு 12ஐக் கூட்டினால் 57. 0.977ஐ 57 முறை பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 0.265. ஆகவே 15 ÷ 0.265, அதாவது சுமார் 57 சதவீதம். மகனுக்கு 14ஓடு 12ஐக் கூட்டி 26, 0.977ஐ 26 முறை பெருக்கினால் 0.546, 45 ÷ 0.546 என்பது சுமார் 82 சதவீதம். திருத்தத்துக்குப் பிறகும் மகனுடைய சுமையே அதிகம்; ஆனால் மூன்று மடங்கு என்பது ஒன்றரை மடங்கை ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. 'அம்மாவுக்கு 15தான், லேசானது' என்ற முடிவும் கூடவே விழுந்துவிடுகிறது. 57 சதவீதம் லேசானதல்ல. உங்கள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் முறையாகப் பார்த்துவர வேண்டும் என்பதற்கு அந்த எண்ணே போதும்.

இந்தக் கணக்கின் எல்லையையும் சொல்ல வேண்டும். இது பலரின் அளவீடுகளிலிருந்து எடுத்த சராசரி. ஒருவரின் இரத்தத்தில் இறக்கம் இதைவிட வேகமாகவோ மெதுவாகவோ இருந்திருக்கலாம். 14 வயதில் இரத்த எண் 60 என்று வைத்துக் கணக்கிட்டால் விடை 100ஐத் தாண்டிவிடும். அப்படி ஒரு விகிதம் இருக்கவே முடியாது. வேறு சடுதிமாற்றங்களுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. எடுத்துக்காட்டாக, m.8993T>G உள்ளவர்களில் இரத்த எண் வயதோடு இப்படி இறங்குவதில்லை.

எல்லா உறுப்பிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறதே, காதும் கணையமும் மூளையும் ஏன் முதலில் அடிபடுகின்றன?

அதிக ஆற்றல் தேவைப்படும் உறுப்பு முதலில் விழும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒவ்வொரு திசுவும் ஆற்றலை எதற்காகச் செலவிடுகிறது, இழந்த செல்லை ஈடுசெய்ய அதற்கு வழி இருக்கிறதா என்பவற்றையும் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

கணையத்தின் பீட்டா செல்லை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதை அது தன் ஆற்றல் உற்பத்தியை வைத்தே அறிகிறது. குளுக்கோஸ் உள்ளே வந்து எரிந்து, செல்லின் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ஏ.டி.பி. பெருகினால், செல்லின் சுவரில் உள்ள பொட்டாசியம் வாயில்கள் மூடுகின்றன. அதன் விளைவாகக் கால்சியம் உள்ளே பாய்ந்து இன்சுலின் வெளியேறுகிறது. இங்கே ஏ.டி.பி. எரிபொருளாக மட்டும் இல்லை, அதுவே செய்தியும்கூட. மைட்டோகாண்ட்ரியா தளர்ந்தால், செல் உயிரோடு இருந்தாலும் சர்க்கரை ஏறிய செய்தி அதற்குப் போய்ச் சேருவதில்லை. அதனால்தான் இந்த வகைச் சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலும் ஒல்லியாக இருக்கிறார்கள். மாத்திரையில் தொடங்கிய பலருக்குச் சில ஆண்டுகளில் இன்சுலின் தேவைப்பட்டுவிடுகிறது. ஒல்லியான உடல், தாய்வழியில் சர்க்கரை நோய், கூடவே காது மந்தம் என்ற மூன்றும் சேர்ந்தால், சர்க்கரை நோய் மருத்துவர் இந்தச் சடுதிமாற்றத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உட்செவியில் கதை வேறு. ஒலியை உணரும் சுருள் வடிவப் பகுதியான காக்ளியாவின் ஓரத்தில் உள்ள ஒரு திசு, உட்செவித் திரவத்தில் பொட்டாசியத்தை ஓயாமல் இறைத்து ஒரு மின்னழுத்தத்தைக் காத்துவருகிறது. ஒலி நரம்புத் துடிப்பாக மாறுவது அந்த அழுத்தத்தின் பலத்தில்தான். அங்கே ஆற்றல் குறைந்தால் கேட்கும் திறன் மங்குகிறது. உயர்ந்த சுரங்கள் முதலில் போகின்றன. ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. செவி நரம்பு பெரும்பாலும் தப்பிவிடுவதால், காக்ளியர் உள்வைப்பு இந்த நோயாளிகளுக்கு நல்ல பலன் தருவது ஆறுதலான செய்தி.

குடலைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. குடலின் மென்தசை சோர்ந்தால் கடுமையான மலச்சிக்கலில் தொடங்கி, குடல் அடைத்துக்கொண்டதுபோல வயிறு உப்பி வாந்தி எடுக்கும் நிலைவரை போகலாம். உண்மையில் எதுவும் அடைத்திருப்பதில்லை. குடல் நகராமல் நின்றிருக்கிறது. நோய் தெரியாத இடத்தில் இதைப் பார்த்துவிட்டு அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோவதும் நடக்கிறது. எனவே இந்தச் சடுதிமாற்றம் உள்ளவர்கள் வயிற்று வலியோடு மருத்துவமனைக்குப் போனால், தம் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் விகிதத்தையும் வயதையும் மட்டும் வைத்து யாருக்கு எது வரும் என்று கணித்துவிட முடிவதில்லை. ஒரே அளவு சுமை உள்ள இருவரில் ஒருவருக்கு மூளைத் தாக்குதல் வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை. பெரிய நோயாளிக் குழுக்களை ஆராய்ந்தபோது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களுக்கும் இதில் கணிசமான பங்கு இருப்பது தெரியவந்தது. எந்தெந்த மரபணுக்கள் என்பது இன்னும் தேடலில் உள்ளது.

என் மகனுக்கு மூளையில் வந்தது பக்கவாதமா, இல்லையா?

சாதாரணப் பக்கவாதத்தில் ஒரு தமனி அடைபடுகிறது. அந்தத் தமனி பாயும் பகுதி மட்டும் பாதிக்கப்படுகிறது. மெலாஸ் தாக்குதலில் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் பாதிப்பு தமனியின் எல்லைக்குள் அடங்குவதில்லை. பெரும்பாலும் மூளையின் பின்புறத்தில், புறணியை ஒட்டி, இரண்டு தமனிகளின் பகுதிகளைக் கடந்து பரவி, நாட்கள் செல்லச் செல்ல நகரவும் செய்கிறது. பின்புறம் பார்வைக்கான பகுதி என்பதால், பார்வையில் ஒரு பக்கம் மறைவது, மின்னல்போல் ஒளி தெரிவது, கடும் தலைவலி, வாந்தி ஆகியவை முன்னே வருகின்றன. இந்தத் தாக்குதல்கள் பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே தொடங்குகின்றன. பல தாக்குதல்களில் ஓயாத வலிப்பே பாதிப்பைத் தொடர்ந்து பெருக்குகிறது. அது கை கால் வெட்டாமல், குழப்பமாகவோ பார்வைக் கோளாறாகவோ மட்டும் வெளிப்படலாம். ஆகவே உடனே இ.இ.ஜி. எடுத்து, வலிப்பைத் தாமதமின்றி அடக்குவது முதல் வேலை.

என் அக்காவுக்கு 60 வயது. இரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்துவிட்டது. அவருக்கு நோய் இல்லைதானே?

அந்த ஒரு முடிவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வயதோடு இரத்தத்தில் விகிதம் இறங்கிவிடுவதால், 60 வயதில் அது கண்டறியும் அளவுக்குக் கீழே போயிருக்கலாம். காலையில் பிடித்த சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களில் மாறிய பிரதிகள் பொதுவாக இரத்தத்தைவிட அதிகம். ஊசி குத்தாமல் கிடைக்கும் மாதிரி என்பதால் அதையே அடுத்துக் கேட்க வேண்டும். அதிலும் ஐயம் தீராவிட்டால் தசைத் துணுக்கு எடுக்கலாம். தாய் ஒருவரே என்பதால், உங்களிடம் இருப்பது அவரிடமும் ஏதோ ஓர் அளவில் இருக்கும் வாய்ப்பே அதிகம்.

நான் என் தாய்மாமனைக் கட்டிக்கொண்டதால்தான் பிள்ளைக்கு இப்படி வந்ததா?

இந்தச் சடுதிமாற்றத்துக்கு அது காரணமல்ல. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. தாயின் கருமுட்டை வழியாக மட்டுமே வருகிறது; நீங்கள் முற்றிலும் அயலாரை மணந்திருந்தாலும் இதே வாய்ப்புதான். தாய்மாமனும் உங்கள் பாட்டியிடமிருந்து இதே மாற்றத்தைப் பெற்றிருக்கலாம் என்பதால் அவரையும் பரிசோதிப்பது நல்லது, ஆனால் அவரிடமிருந்து பிள்ளைக்கு அது போவதில்லை. உட்கரு மரபணுக் கோளாறால் வரும் வேறு மைட்டோகாண்ட்ரிய நோய்கள் உண்டு; நெருங்கிய உறவில் மணப்பது அவற்றின் வாய்ப்பைக் கூட்டும். அறிக்கையில் எந்த மரபணு என்று பார்த்த பிறகே இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அதற்கு முன் யாரும் தம்மைத் தாமே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

என் மகளுக்கு 20 சதவீதம். அவளுக்குப் பிறக்கும் குழந்தைக்கும் 20 சதவீதம் போகுமா?

அதைவிடக் குறைவாகவும் போகலாம், மிக அதிகமாகவும் போகலாம். முதிர்ந்த கருமுட்டையில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. பிரதிகள் உள்ளன. ஆனால் அந்த முட்டையை உருவாக்கப்போகும் முன்னோடிச் செல்கள், உங்கள் மகள் உங்கள் வயிற்றில் கருவாக இருந்தபோதே, மிகக் குறைந்த எண்ணிக்கைப் பிரதிகளோடு ஒரு குறுகிய கட்டத்தைக் கடந்து வந்தவை. சிறு குவியலிலிருந்து எடுக்கும் மாதிரி பெருங்குவியலின் விகிதத்தைக் காப்பாற்றுவதில்லை. ஆகவே அவளுடைய ஒரு முட்டையில் 5 சதவீதமும் இன்னொன்றில் 60 சதவீதமும் இருக்கக்கூடும்.

சோதனைக்குழாய் முறையில் உருவாக்கிய கருக்களை அளந்து, குறைந்த விகிதம் உள்ளதைத் தேர்ந்து வைப்பது ஒரு வழி. எல்லா முட்டைகளிலும் விகிதம் உயர்ந்திருப்பவர்களுக்காக, தாயின் உட்கருப் பொருளை வேறொரு பெண்ணின் முட்டைக்கு மாற்றும் முறையைப் பிரிட்டன் 2015இல் சட்டப்படி அனுமதித்தது. நியூகாசில் குழுவினர் அம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதை 2025இல் அறிவித்தனர். அக்குழந்தைகளில் சிலரிடம் தாயின் மாறிய பிரதிகள் 16 சதவீதம் வரை காணப்பட்டன. நோய் வரம்புக்குக் கீழே என்றாலும், அவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவர வேண்டியிருக்கிறது.

மருந்து ஏதாவது இருக்கிறதா? எதைத் தவிர்க்க வேண்டும்?

சடுதிமாற்றத்தையே நீக்கும் மருந்து இன்று இல்லை. கடத்து ஆர்.என்.ஏ.வில் டாரின் ஒட்டப்படாமல் போகிறது என்ற கண்டுபிடிப்பைத் தொடர்ந்து, அதிக அளவில் டாரின் கொடுத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வில் சில நோயாளிகளுக்குத் தாக்குதல்கள் குறைந்தன. 2019இல் ஜப்பான் அதை மெலாஸ் தாக்குதல்களைத் தடுக்கும் மருந்தாக ஏற்றது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆர்ஜினைன் பல இடங்களில் தரப்படுகிறது. அதற்கான சான்று வலுவானதல்ல.

தவிர்க்க வேண்டியவை இதைவிடத் தெளிவானவை. சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலோர் சாப்பிடும் மெட்ஃபார்மின், லாக்டிக் அமிலத்தை மேலும் உயர்த்தக்கூடும் என்பதால் இவர்களுக்கு வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. நீங்கள் அதை எடுத்துக்கொண்டிருந்தால், தானாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்துக்குப் போங்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட்டைத் தவிர்த்து, லெவெடிராசெட்டம் போன்றவற்றை விரும்புகிறார்கள். நெடுநேரம் பட்டினி கிடப்பதும், காய்ச்சலின்போது நீர் வற்றிப்போவதும் தாக்குதலைத் தூண்டக்கூடியவை. மகன் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தால் வீட்டில் காத்திருக்காமல் நரம்பு வழித் திரவத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் இருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஈ.சி.ஜி., எக்கோ, சிறுநீரில் புரதம், செவித்திறன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு இரத்தச் சர்க்கரையையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.